கடித்தால் சுருக்கென்கிறது: ஆழமான காம்போசிட் அடைப்பில் தரை ஏன் விட்டுப்போகிறது

கேள்வி: “பிடிஎஸ் முடித்து ஒரு வருடம் ஆகிறது. கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஆழமான கிளாஸ் 1 கேவிட்டிக்கு காம்போசிட் போட்டால் சில பேர் ரெண்டு நாளில் ‘கடிச்சா சுருக்குங்குது டாக்டர்’ என்று திரும்பி வருகிறார்கள். 2 மி.மீ. லேயராகத்தான் வைக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் 20 செகண்ட் லைட் அடிக்கிறேன். ஹை பாயின்ட்டும் இல்லை. பாலிமரைசேஷன் சுருக்கம்தான் காரணமா? லேயர் வைக்கும் விதத்தை மாற்றினால் சரியாகுமா?”

சுருக்கத்துக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் காம்போசிட் எல்லோருடைய பல்லிலும் சுருங்கத்தான் செய்கிறது, எல்லோருக்கும் வலிப்பதில்லை. சுருங்குகிற இழுப்பில் எந்த ஒட்டு முதலில் விடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு, விடுகிற இடம் பெரும்பாலும் கேவிட்டியின் தரை. அங்கே மூன்று பலவீனங்கள் ஒன்றுசேர்கின்றன: டென்டின் ஒட்டு எனாமல் ஒட்டைவிட வலு குறைந்தது, லைட் அங்கேதான் குறைவாகப் போய்ச் சேர்கிறது, சுவர்களெல்லாம் பிடித்துக்கொண்டு இழுக்கும்போது தளர்ந்து கொடுக்க அங்கே வழியில்லை. லேயர் முறையை மாற்றினால் மூன்றாவதுதான் குறையும். முதல் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யாமல் லேயரை மட்டும் மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரியாது.

அதற்கு முன்னால் வந்திருப்பது எந்த வலி என்று பிரித்துக்கொள்ளுங்கள். “கூச்சம்” என்ற ஒரே சொல்லில் நோயாளி நாலைந்து விஷயங்களைச் சொல்வார். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுள்ளென்று வந்து, எடுத்ததும் போய்விட்டால் அது பல்பின் தற்காலிக எரிச்சல். டிரில் பட்ட பல்லுக்கு அது சகஜம், இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். எதைக் கடித்தாலும் மந்தமாக வலித்து, தட்டினாலும் வலித்தால் ஹை பாயின்ட். ஆர்டிகுலேட்டிங் பேப்பரை நேராகக் கடிக்க வைத்து மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். மரத்துப்போன வாயோடு படுத்திருப்பவர் சரியாகக் கடிக்க மாட்டார். உட்கார வைத்து, பக்கவாட்டில் அரைக்கச் சொல்லி, மறுநாள் மரப்பு இல்லாதபோது ஒருமுறை பாருங்கள். உங்கள் கேள்வியில் இருப்பது மூன்றாவது வகையாகத் தெரிகிறது. பற்கள் ஒன்றோடொன்று சேரும்போது வலி இல்லை, ஆனால் நடுவில் ஒரு முறுக்குத் துண்டோ கடலையோ மாட்டினால் ஊசி குத்தினாற்போல ஒரு நொடி. இதை நாற்காலியிலேயே உறுதிப்படுத்தலாம். சிறிய பால் பர்னிஷரின் முனையை அடைப்பின் நட்டநடுவில், மத்தியக் குழியில் வைத்து விரலால் கெட்டியாக அழுத்தி விடுங்கள். பிறகு அதே அழுத்தத்தை ஒவ்வொரு கஸ்ப் முனையிலும் கொடுங்கள். நடுவில் அழுத்தும்போது மட்டும் அந்தச் சுருக் வந்தால் அடைப்புக்குக் கீழே இடைவெளி இருப்பதாகச் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு கஸ்பில் மட்டும், அதுவும் அழுத்தத்தை விடும்போது வந்தால் விரிசலை நினைக்க வேண்டும்.

இடைவெளி இருந்தால் ஏன் வலிக்க வேண்டும்? டென்டினில் சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் நுண்குழாய்கள், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மைக்ரான் அகலம், உள்ளே திரவம். அந்தத் திரவம் சட்டென்று நகர்ந்தால் குழாயின் உள்முனையில் இருக்கும் நரம்பு துடிக்கிறது. ஸ்வீடனின் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் நிலைநாட்டிய இந்த ஹைட்ரோடைனமிக் விளக்கம்தான் இன்றுவரை ஏற்கப்பட்டிருக்கிறது. தரையில் ஒட்டு விட்டிருந்தால் அந்தச் சந்திலும் இதே திரவம் தேங்கும். மேலே கடிக்கும்போது அடைப்பு மயிரிழை அளவு கீழே வளைகிறது, சந்தில் இருக்கும் திரவம் குழாய்களுக்குள் தள்ளப்படுகிறது. சைக்கிள் பம்பின் கைப்பிடியை அழுத்துவதுபோல. அதனால்தான் எனாமல் ஓரம் கச்சிதமாக மூடியிருந்தாலும், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் வலி வருகிறது.

இப்போது சுருக்கத்தின் அளவு. ரெசினில் மோனோமர்கள் தனித்தனியாக இருக்கும்போது அவற்றின் இடையே இருக்கும் தூரம், பிணைந்து சங்கிலியானதும் பாதிக்கும் கீழே குறைகிறது. வழக்கமான பேஸ்ட் காம்போசிட் கன அளவில் சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். ஃபில்லர் குறைந்த ஃப்ளோவபிள் அதைவிடக் கூடுதலாக, சிலது 5 சதவீதம் வரைகூடப் போகும். லைட் பட்ட முதல் சில நொடிகளில் பொருள் இன்னும் குழைவாக இருப்பதால் மேற்பரப்பு உள்ளே இறங்கிச் சுருக்கத்தை ஈடுசெய்துவிடும். கெட்டியாகிற கட்டத்தைத் தாண்டிய பிறகு வரும் சுருக்கத்துக்கு அந்த வசதி கிடையாது. அது முழுவதும் ஒட்டின் மேல் இழுவிசையாக விழுகிறது.

எவ்வளவு இழுவிசை என்பது கேவிட்டியின் வடிவத்தைப் பொறுத்தது. ஃபைல்சர், டி கீ, டேவிட்சன் மூவரும் 1987இல் சொன்ன சி-ஃபேக்டர் இதைத்தான் அளக்கிறது: ஒட்டிய பரப்பை ஒட்டாத பரப்பால் வகுத்தால் வரும் எண். படிக்கும்போது “கிளாஸ் 1 என்றால் 5” என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஒரு நிஜமான பல்லை வைத்துக் கணக்குப் போட்டால் லேயர் விஷயம் விளங்கிவிடும். கீழ் வலது முதல் கடைவாய்ப்பல், 46. சொத்தை எடுத்த பிறகு கேவிட்டி 5 மி.மீ. நீளம், 4 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். தரை 20 சதுர மி.மீ., நான்கு சுவர்களும் சேர்ந்து 72, மொத்தம் 92 ஒட்டிய பரப்பு. திறந்திருப்பது மேல் பக்கம் மட்டும், 20. மொத்தமாக ஒரே தடவையில் நிரப்பினால் சி-ஃபேக்டர் 4.6. உள்ளே போகும் காம்போசிட் 80 கன மி.மீ.; இரண்டரை சதவீதம் என்றால் 2 கன மி.மீ. காணாமல் போகிறது.

நீங்கள் இப்போது செய்வது 2 மி.மீ. தட்டையான லேயர் என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் அப்படித்தான் வைக்கிறார்கள், கரண்டியால் சட்டியின் அடியில் மாவைப் பரப்புவதுபோல. அந்த முதல் லேயர் தரை முழுவதையும் தொடுகிறது, நான்கு சுவர்களையும் 2 மி.மீ. உயரத்துக்குத் தொடுகிறது. ஒட்டிய பரப்பு 56, திறந்தது 20, சி-ஃபேக்டர் 2.8. கன அளவு 40, சுருக்கம் 1 கன மி.மீ. மொத்தமாக நிரப்புவதைவிட மேல்தான், ஆனால் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டையும் ஒரே லேயர் பிடித்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் இழுக்க, நடுவில் தரை விடுகிறது.

அதே இடத்தில் சாய்வான ஆப்பு வடிவ லேயர் வைத்துப் பாருங்கள். கன்னப்பக்கச் சுவரில் 2 மி.மீ. உயரம், தரையில் 2 மி.மீ. அகலம், எதிர்ச் சுவரைத் தொடவே கூடாது. முன் பின் சுவர்களையும் மயிரிழை விட்டு நிறுத்தினால் ஒட்டிய பரப்பு சுவரில் 10, தரையில் 10, ஆக 20 தான். திறந்திருப்பது சரிவுப் பக்கமும் இரு முனைகளுமாக ஏறத்தாழ 18. சி-ஃபேக்டர் 1.1 அளவுக்கு இறங்கிவிட்டது. கன அளவு 10, சுருக்கம் கால் கன மி.மீ. முனைகள் சுவரைத் தொட்டுவிட்டாலும் 1.7தான். “2 மி.மீ. லேயர்” என்ற விதி லைட் எவ்வளவு ஆழம் போகும் என்பதற்காகச் சொல்லப்பட்டது. இழுவிசையைக் குறைப்பது தடிமனைவிட, அந்த லேயர் எத்தனை சுவர்களைத் தொடுகிறது, எவ்வளவு கன அளவு என்பதில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான தவறு.

லேயரைப் பற்றி மேலும் சொல்வதற்கு முன் லைட்டைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் “20 செகண்ட்” தரைக்குப் போய்ச் சேரும்போது 20 செகண்ட் மதிப்பு இருக்காது. லைட்டின் பெட்டியில் சதுர செ.மீ.க்கு 1000 மில்லிவாட் என்று போட்டிருந்தால் அது முனையில் ஒட்டி அளந்தது. 20 செகண்டுக்கு 20 ஜூல். 2 மி.மீ. காம்போசிட் முழுதாகக் கடினப்பட சுமார் 16 ஜூல் தேவை என்று பொதுவாகச் சொல்வார்கள். பொருளுக்குப் பொருள், நிறத்துக்கு நிறம் இது மாறும். முனை கஸ்புகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, தரை அதற்கு ஆறேழு மி.மீ. கீழே இருக்கிறது. அந்தத் தூரத்தில் பல லைட்டுகளின் வெளிச்சம் பாதியாகிவிடும், மலிவானவற்றில் அதற்கும் கீழே. பாதி என்றே வைத்தாலும் 10 ஜூல்தான் வந்தது. முனையைச் சாய்த்துப் பிடித்திருந்தால், சுவரின் நிழல் தரையின் ஒரு மூலையில் விழுந்து அந்த இடம் இன்னும் குறைவு. கடைவாய்ப்பல்லில் எல்லோரும் சாய்த்துத்தான் பிடிக்கிறோம், வாய் அவ்வளவுதான் திறக்கும். தலை சிறிதாக, கழுத்து செங்குத்தாக வளைந்த லைட் வாங்கினால் அங்கே உதவும். இல்லையென்றால் குழந்தைகளுக்கு வைக்கும் சிறிய பைட் பிளாக் வைத்து வாயை அகட்டி, முனையைப் பல்லின் மேற்பரப்புக்கு இணையாகக் கொண்டுவாருங்கள்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது பாண்டிங்கை. லேயர்களில் எல்லாவற்றையும்விட ஆழத்தில் இருப்பது அதுதான், ஆனால் பாட்டிலில் “10 செகண்ட்” என்று போட்டிருப்பதால் 10 செகண்டோடு விட்டுவிடுகிறோம். பாதி வெளிச்சத்தில் 10 செகண்ட் என்றால் அரைவேக்காடு. அதன் மேல் வைத்த முதல் காம்போசிட் சுருங்கும்போது அது பிய்ந்து வருவதில் ஆச்சரியமில்லை. ஆழமான கேவிட்டியில் பாண்டிங்குக்கு 20 செகண்ட், தரையில் வைக்கும் முதல் லேயருக்கு 40 செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே வர வர 20க்கு இறக்கலாம். 40ஐத் தொடர்ந்து அடிக்காமல் 20, 20 ஆகப் பிரித்து நடுவில் மென்மையாகக் காற்றடியுங்கள். தரைக்கும் பல்புக்கும் நடுவே ஒரு மி.மீ.தான் இருக்கும் பல்லில் சூடும் ஒரு பிரச்சினை. குரங்குகளின் பல்லில் 1965இல் ஸாக், கோஹன் இருவரும் செய்த சோதனையில் பல்பின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் கூடினால் சில பற்களில் பல்ப் மீளவில்லை என்று கண்டார்கள். அந்த எண்ணை இன்றைக்கு லட்சுமணக் கோடாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் 2000 மில்லிவாட்டுக்கு மேல் போகும் லைட்டை மெல்லிய டென்டின் மேல் தொடர்ந்து காட்டுவது நல்லதல்ல.

உங்கள் லைட் நிஜமாக என்ன செய்கிறது என்று ஒரு மதியம் சோதித்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ 4049 தரத்தில் இருக்கும் சுரண்டல் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். 4 மி.மீ. விட்டமும் குறைந்தது 6 மி.மீ. நீளமும் உள்ள குழாய்போன்ற உலோக அச்சு ஒன்று போதும். கண்ணாடித் துண்டின் மேல் வைத்துக் காம்போசிட்டை நிரப்பி, மேலிருந்து 20 செகண்ட் லைட் அடித்து, வெளியே தள்ளி, அடியில் குழைவாக இருப்பதை பிளாஸ்டிக் ஸ்பேட்டுலாவால் சுரண்டி எடுத்துவிடுங்கள். மிஞ்சியதன் நீளத்தை அளந்து பாதியாக்கினால் அதுதான் நம்பக்கூடிய ஆழம். பிறகு லைட்டை 6 மி.மீ. உயர்த்திப் பிடித்து அதையே திரும்பச் செய்யுங்கள். முதலில் 2.5 மி.மீ. வந்து இரண்டாவதில் 1.6 மி.மீ. வந்தால், உங்கள் 2 மி.மீ. லேயரின் அடி இத்தனை நாளும் சரியாக வேகவில்லை என்று பொருள். ரேடியோமீட்டர் இருந்தால் அதன் எண்ணைத் துல்லியம் என்று எடுக்காமல், போன வாரத்தோடு ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று குறைந்தால் முதலில் முனையைப் பாருங்கள். கடுகளவு காம்போசிட் ஒட்டிக் காய்ந்திருக்கும், அல்லது பிளாஸ்டிக் உறையின் தையல் சரியாக முனையின் நடுவில் இருக்கும். லைட் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதை விட வேண்டும். ஆரஞ்சு கண்ணாடி போட்டுக்கொண்டு முனையையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் கை விலகுவது தெரியும்.

பாண்டிங்கில் உங்கள் முறை எது என்று நீங்கள் எழுதவில்லை. பாஸ்பாரிக் ஆசிட் போட்டுக் கழுவும் ஐந்தாம் தலைமுறை பாட்டிலாக இருந்தால், டென்டினில் 15 செகண்டுக்கு மேல் ஆசிட் இருக்கக் கூடாது. எனாமல் ஓரத்தில் முதலில் வைத்து, கடைசி 15 செகண்டில் உள்ளே தள்ளுங்கள். கழுவிய பிறகு த்ரீ-வே சிரிஞ்சால் டென்டின் எலும்புபோல வெளுக்கும்வரை காற்றடிப்பதுதான் கூச்சத்துக்கான குறுக்குவழி. ஆசிட் தாது உப்பை எடுத்துவிட்ட இடத்தில் கொலாஜன் நார்கள் மட்டும் தண்ணீரில் மிதக்கின்றன. காய்ந்தால் அவை படுத்துவிடும், ரெசின் உள்ளே இறங்காது, ஆனால் குழாய்களை ஆசிட் திறந்துவிட்டிருக்கும். பஞ்சு உருண்டையாலோ காலி மைக்ரோபிரஷாலோ ஒற்றி எடுங்கள். தரை மினுமினுக்க வேண்டும், தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. ஈரத்தின் இந்த அளவு கைக்குப் பிடிபடவில்லை என்றால், எனாமலுக்கு மட்டும் ஆசிட் வைத்து டென்டினுக்கு யுனிவர்சல் பாண்டிங்கைச் செல்ஃப்-எட்ச் முறையில் போடுவது எனக்குப் பிடித்த வழி. அதிலும் 20 செகண்ட் தேய்க்க வேண்டும், பூசினால் போதாது. பிறகு தள்ளியிருந்து மெதுவாகக் காற்று, அருகில் கொண்டுவந்து வலுவாகக் காற்று, படலத்தில் அலை ஓடுவது நிற்கும்வரை. அலை ஓடினால் கரைப்பான் இன்னும் இருக்கிறது. பாட்டிலிலிருந்து சொட்டை ஊற்றி வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கப் போனால் கரைப்பான் கிண்ணத்திலேயே ஆவியாகிவிடும். சென்னை வெயிலில், ஏசி இல்லாத அறையில் அது இன்னும் வேகம். தேவைப்படும் அந்த நிமிடத்தில் ஊற்றி உடனே மூடுங்கள்.

இனி அதே 46இல் லேயர்கள். ரப்பர் டேம் போட்டு, பாண்டிங் முடிந்து லைட் அடித்தாயிற்று. முதலில் ஃப்ளோவபிள், அரை மி.மீ. மட்டும். முனையைத் தரையின் ஒரு மூலையில் வைத்து, பொருளுக்குள்ளேயே முனை இருக்கும்படி இழுத்துக்கொண்டு போனால் காற்றுக்குமிழ் வராது. குமிழ் கண்டால் எக்ஸ்ப்ளோரர் நுனியால் உடைத்துவிடுங்கள். இது அதிகம் சுருங்கும் பொருளாயிற்றே என்று தோன்றும். அரை மி.மீ.யில் கன அளவு 10தான், மேல்பக்கம் முழுவதும் திறந்திருக்கிறது, பொருளும் வளைந்து கொடுக்கும்; அதனால் தரையைப் பிய்க்கிற அளவுக்கு இழுக்காது. அதே ஃப்ளோவபிளை அவசரத்தில் 2 மி.மீ. ஊற்றினால் கணக்கு தலைகீழாகிவிடும். 40 செகண்ட். அடுத்தது கன்னப்பக்க ஆப்பு, மேலே சொன்ன அளவில், தரையோடும் சுவரோடும் மென்மையாக அழுத்தி, 40 செகண்ட். பிறகு நாக்குப்பக்க ஆப்பு. இது முதல் ஆப்பின் சரிவையும் தொடத்தான் செய்யும், தவிர்க்க முடியாது. ஆனால் அதற்குள் தரையின் பாதி ஏற்கெனவே கெட்டிப்பட்டுவிட்டது. இப்படி மேலிருந்து ஒன்றரை மி.மீ. மிச்சம் இருக்கும்வரை வந்து, கடைசி அடுக்கை ஒவ்வொரு கஸ்பாகத் தனித்தனியே கட்டி ஒவ்வொன்றுக்கும் 20 செகண்ட் கொடுங்கள். பள்ளங்கள் தானாக விழும், செதுக்கும் வேலை குறையும், இரு பக்கச் சுவர்களையும் ஒரே துண்டு சேர்த்துப் பிடிக்காது. முடிவில் கிளிசரின் ஜெல் தடவி மேலிருந்து 20 செகண்ட். காற்றுப் பட்டதால் பிசுபிசுப்பாக நிற்கும் மேல்படலம் அப்போதுதான் கெட்டியாகும்.

காம்போசிட் லைட் இருக்கும் திசையை நோக்கிச் சுருங்கும், அதனால் கன்னப்பக்கத்திலிருந்து பல்லின் ஊடாக லைட் அடித்தால் சுவரோடு ஒட்டும் என்று இன்னமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வெர்ஸ்லுயிஸ் குழுவினர் 1998இல் இதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள்: எந்தத் திசையில் சுருங்கும் என்பதை எந்தப் பரப்பு ஒட்டியிருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது, லைட்டின் திசை அல்ல. பல்லின் ஊடாக அடித்தால் வெளிச்சம் வடிகட்டிக் குறைவாகப் போகும், அவ்வளவுதான். முதல் லேயருக்கு அதை நம்பினால் அரைவேக்காடுதான் மிஞ்சும்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது அவ்வளவு உறுதியில்லை என்பதையும் பிரித்துவிடுகிறேன். சுருக்கம், இழுவிசை, தூரத்தில் வெளிச்சம் குறைவது, ஈரம் தப்பினால் டென்டின் ஒட்டு கெடுவது, இவையெல்லாம் சோதனைக்கூடத்தில் திரும்பத் திரும்ப நிரூபணமானவை. ஆனால் நோயாளிகளில் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தால் படம் இவ்வளவு கூர்மையாக இல்லை. சாய்வு லேயர் வைத்தவர்களுக்கும் 4 மி.மீ. பல்க்-ஃபில் ஒரே தடவையில் போட்டவர்களுக்கும் கூச்சத்தில் தெளிவான வித்தியாசம் காணவில்லை. ஆசிட் கழுவும் முறைக்கும் செல்ஃப்-எட்சுக்கும் இடையிலும் அப்படித்தான். மெதுவாக ஆரம்பித்து ஏறும் சாஃப்ட்-ஸ்டார்ட் லைட்டும் மேசையில் இழுவிசையைக் குறைத்துக் காட்டுகிறது, வாயில் கூச்சத்தைக் குறைத்ததாகக் காட்டவில்லை. லேயர் வைப்பதே கஸ்புகளை உள்பக்கம் அதிகமாக இழுக்கும் என்று 1996இல் ஒரு கணினி மாதிரி சொன்னது. அந்த வாதம் இன்னும் முடியவில்லை. என் கணிப்பு, ஆய்வுகளில் வேலை செய்தவர்கள் ரப்பர் டேம், சரியான லைட், சரியான ஈரம் எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாகச் செய்தவர்கள். அந்த நிலையில் லேயரின் வித்தியாசம் தெரியாமல் போகிறது. பரபரப்பான கிளினிக்கில் மற்றவை கொஞ்சம் தப்பும்போது சாய்வு லேயர் ஒரு தாங்கலாக இருக்கும். இது கணிப்புத்தான், நிரூபணம் இல்லை. சி-ஃபேக்டர் எண்ணையும் வேதவாக்காக எடுக்காதீர்கள். அது இரண்டு தட்டுகளுக்கு நடுவே அளந்த மாதிரியிலிருந்து வந்தது, பல்லின் சுவர் தட்டுபோல விறைப்பாக நிற்காமல் வளையும்.

அதனால் நேரம் இல்லாத நாளில் பல்க்-ஃபில் போடுவது குற்றமில்லை. ஆனால் பல்க்-ஃபில் என்று எழுதியிருக்கும் பொருளாக இருக்க வேண்டும், அதன் தாளில் சொன்ன ஆழத்தைத் தாண்டக் கூடாது, லைட் நேரத்தைத் தரைக்கான தூரத்துக்கு ஏற்பக் கூட்ட வேண்டும். “3 செகண்டில் க்யூர்” என்னும் லைட்டை, அதற்கென்று செய்யாத காம்போசிட்டில் பயன்படுத்துவதில்தான் எனக்கு ஆட்சேபம்.

ஆழம் மிக அதிகமாக இருந்தால் தரையில் ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் அரை முதல் ஒரு மி.மீ. வைப்பதும் நல்ல வழி. தரையில் பலவீனமான டென்டின் ஒட்டை நம்ப வேண்டியதில்லை, மேலே வைக்கும் காம்போசிட்டின் கன அளவும் குறையும். கால்சியம் ஹைட்ராக்சைடைத் தரை முழுவதும் மெழுகக் கூடாது. பல்ப் தெரிகிறாற்போல இளஞ்சிவப்பாக இருக்கும் புள்ளியில் மட்டும் வைத்து அதை அயனோமரால் மூடுங்கள். மெழுகிய இடமெல்லாம் ஒட்டு இல்லாத இடம், நாமே போட்டுக்கொடுத்த சந்து.

ஏற்கெனவே வலியோடு வந்திருப்பவர்களுக்கு: குளிர்ச்சிக்கு மட்டும் கூசி உடனே அடங்குகிறது என்றால் கடியைச் சரிபார்த்துவிட்டு மூன்று நான்கு வாரம் பொறுங்கள். ராத்திரியில் தானாக வலித்து எழுப்புகிறது, சூட்டுக்கு வலித்து நிமிடக்கணக்கில் நீடிக்கிறது என்றால் அடைப்பைத் திரும்பப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். குளிர்ச் சோதனையும் பெரியாபிக்கல் எக்ஸ்ரேயும் எடுத்துப் பல்பைப் பற்றி முடிவெடுங்கள். நடுவில் பர்னிஷர் வைத்தால் சுருக்கென்கிறது, மற்ற சோதனைகள் சரி என்பவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருந்து பயனில்லை. விட்ட ஒட்டு தானாக ஒட்டாது. முழுவதும் எடுத்து, கிளாஸ் அயனோமரால் அடைத்து இரண்டு மூன்று வாரம் அனுப்புங்கள். கடி வலி ஓரிரு நாளில் காணாமல் போனால் இடைவெளிதான் காரணம் என்று உறுதியாயிற்று. பிறகு அந்த அயனோமரைத் தரையில் ஒரு மி.மீ. விட்டு மேலே வெட்டி, காம்போசிட்டைச் சாய்வாகக் கட்டலாம். யூஜெனால் கலந்த தற்காலிக அடைப்பை இந்த இரண்டு மூன்று வாரத்துக்கு வைக்காதீர்கள், அடுத்து வைக்கும் ரெசின் கெட்டிப்படுவதை அது கெடுக்கும்.

அயனோமர் வைத்த பிறகும் அதே கடி வலி இருந்தால் விரிசலைத் தேட வேண்டும். அடைப்பை எடுத்த நிலையில், அறை விளக்கை அணைத்துவிட்டு, க்யூரிங் லைட்டின் முனையைக் கன்னப்பக்கச் சுவரில் வெளியிலிருந்து ஒட்டி வைத்து ஆரஞ்சு கண்ணாடி வழியே உள்ளே பாருங்கள். நல்ல பல்லில் வெளிச்சம் மறுபக்கம்வரை படிப்படியாக மங்கும். விரிசல் இருந்தால் ஒரு கோட்டில் சட்டென்று நின்று, அதற்கு அப்பால் இருட்டாக இருக்கும்.